உறைதல் நேரம் நீண்டால் காரணம் யாது?

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாளன்று, நம் நாட்டிலேயே வடிவமைத்து ஆக்கப்பெற்ற செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்களின் தலைமையில் பல ஆண்டுகள் நடைபெற்ற முயற்சியின் பயன் அது. முன்னைய மாதிரிகள் சோதனையில் தேறாமல் கைவிடப்பட்ட பின்னரே இவ்வடிவம் கிட்டியது. கோபால்ட் - குரோமியம் உலோகக் கலவையாலான ஒரு சட்டம். அதனுள் சாய்ந்து திறந்து சாய்ந்தே மூடும் வட்டமான பாலிஎதிலீன் தட்டு. சட்டத்தை இதயத்தோடு சேர்த்துத் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணிவளையம்: இவ்வளவே அதன் உறுப்புக்கள். இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதாகக் கொண்டால், இத்தட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை திறந்து மூடுகிறது.

இத்தகைய உழைப்பைத் தாங்கும் தட்டுக்கும் ஒரு பகை உண்டு, அது இரத்தக்கட்டி. உடலுக்கு அந்நியமான பரப்பைத் தொட்டதும் உறையத் தலைப்படுவது இரத்தத்தின் இயல்பு. கட்டி தட்டின் அசைவைத் தடுத்தால் இதயம் திணறும். அது சிதறி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். ஆகவே இயந்திர வால்வு பொருத்தப்பெற்றவர்கள் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற உறைதடுப்பு மாத்திரைகளை உட்கொள்ள வேண்டியவர்களாகின்றனர். கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்கள் இவர்களைச் சந்திப்பது வழக்கம். அவர்களது கையிலுள்ள சோதனைச் சீட்டில் இரண்டு, மூன்று எண்கள் விநாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் நீண்டிருப்பது மாத்திரையாலா, வேறொரு மருந்தாலா, பிறவியிலேயே ஒரு பொருள் குறைந்திருப்பதாலா என்பதை ஆராயும் முறை எளியதே. அதனை இவ்வால்வு நோயாளியின் இரத்தத்தைக் கொண்டே இங்கு விளக்குவோம்.

இரண்டு வாயில்கள்

சோதனைக் குழாயில் இரத்தம் உறைவதை, இரண்டு வாயில்களும் ஒரு கூடமும் உள்ள வீடாக உருவகித்துக் கொள்ளலாம். எந்த வாயிலின் வழியே நுழைந்தாலும் இறுதியில் கூடத்துக்கே வந்து சேரவேண்டும். கூடத்தில் பத்தாம் காரணி, ஐந்தாம் காரணி, இரண்டாம் காரணியாகிய புரோத்ராம்பின், முதற் காரணியாகிய ஃபைப்ரினோஜன் ஆகியவை உள்ளன. புரோத்ராம்பின் த்ராம்பினாக மாறி, அது ஃபைப்ரினோஜனை நூலிழைகளாக மாற்றுவதே உறைதலின் கடைசிப் படி.

முதல் வாயிலில் நிற்பது ஏழாம் காரணி மட்டுமே. பிளாஸ்மாவுடன், உடலின் திசுக்களில் காணப்படுவது போன்ற த்ராம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சேர்த்தால் இவ்வாயில் திறக்கும். இழை தோன்றும் வரை ஆகும் நேரமே புரோத்ராம்பின் நேரம், சீட்டில் பி.டி. என்று குறிப்பர். அமெரிக்கரான ஆர்மண்ட் குவிக் என்பார் 1935-இல் வகுத்த சோதனை இது. நல்ல உடல்நலம் உள்ளவரிடத்து இது சுமார் 11 முதல் 14 விநாடி வரை ஆகும்.

இரண்டாம் வாயிலில் பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது, எட்டு என்னும் நான்கு காரணிகள் வரிசையாக நிற்கின்றன. கயோலின் அல்லது சிலிக்கா போன்ற நுண்பொடியும் கொழுப்புப் பொருளும் சேர்த்துச் சில நிமிடம் வைத்திருந்து, பின்னர் கால்சியம் ஊற்றினால் இவ்வாயில் திறக்கும். அதற்காகும் நேரத்தை ஏ.பி.டி.டி. என்பர். பெரும்பாலான சோதனைச் சாலைகளில் இது 26 முதல் 36 விநாடிக்குள் அமையும். எல்லை ஒவ்வொரு சாலைக்கும் சிறிது வேறுபடுமாதலால், சீட்டில் அச்சிட்டுள்ள எல்லையையே ஒப்பு நோக்கவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வீட்டமைப்பு குழாய்க்குள் நடப்பதைக் காட்டுவதேயன்றி உடலுக்குள் நடப்பதை அப்படியே காட்டுவதன்று. உடலில் உறைதல் பெரும்பாலும் முதல் வாயிலில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டாம் காரணி இதற்குத் தக்க சான்று. 1955-இல் ஆஸ்கர் ராட்னாஃப் என்னும் மருத்துவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவரது இரத்தம் குழாயில் நெடுநேரம் உறையாமலே கிடந்தது. ஆயினும் அவருக்கு இரத்தப்போக்கு என்பதே இல்லை. அவர் பெயராலேயே அக்காரணி ஹேஜ்மன் காரணி என்றும் அழைக்கப்படலாயிற்று. அவர் 1968-இல் இறந்தது இரத்தம் கசிந்ததாலன்று. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததால். குழாயில் நேரம் நீண்டிருப்பதால் மட்டும் நோயாளிக்கு இரத்தப்போக்கு நேரும் என்று முடிவு கட்டலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி விதி எளிது. பி.டி. மட்டும் நீண்டிருந்தால் குறை முதல் வாயிலில், அதாவது ஏழாம் காரணியில் உள்ளது. ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருந்தால் இரண்டாம் வாயிலில் உள்ளது. இரண்டும் நீண்டிருந்தால் குறை கூடத்திலோ, ஒரே சமயத்தில் இரு வாயில்களிலுமோ உள்ளது.

அறுவைக்குப் பின் ஒரு வாரம்

வால்வு பொருத்தப்பெற்ற நோயாளியின் இரத்தத்தில் முதல் வாரத்திலேயே இவ்விதி மூன்று வகையாக விளங்குவதைக் காணலாம். இரத்தக்கசிவு அடங்கியதும் முதலில் கொடுக்கப்படும் உறைதடுப்பு மருந்து பெரும்பாலும் ஹெப்பாரின். இது ஊசி மருந்து. நம் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தை இது பன்மடங்கு விரைவாகச் செயற்படுமாறு தூண்டுகிறது. அப்புரதம் த்ராம்பினையும் பத்தாம் காரணியையும் பிடித்து முடக்குகிறது.

ஹெப்பாரின் தாக்குவது கூடத்தில் உள்ளவற்றையே. ஆகவே இரண்டு நேரங்களும் நீளவேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் சீட்டில் ஏ.பி.டி.டி. 70 விநாடி என்றும், பி.டி. 13 விநாடி என்றும் காணப்படும். முரண்போலத் தோன்றும் இதன் காரணம் மிக எளிது: பி.டி.க்கு உரிய சோதனைப் பொருளில், ஹெப்பாரினை ஓரளவு வரை முறிக்கும் பொருளொன்றை உற்பத்தியாளர்களே சேர்த்துவிடுகின்றனர். இதை அறியாதவர் இச்சீட்டை ஹீமோபிலியா நோயாளியின் சீட்டெனவே கருதிவிடுவர். எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைந்த பிறவி நோயிலும் ஏ.பி.டி.டி. நீண்டு, பி.டி. சரியாகவே இருக்குமன்றோ?

இரண்டையும் பிரித்தறிய மூன்றாவதாக ஒரு சோதனை உண்டு. பிளாஸ்மாவில் த்ராம்பினையே நேராக ஊற்றி, உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது அது. த்ராம்பின் நேரம் எனப்படும். இதில் வாயில்களுக்கு வேலையில்லை; கூடத்தின் கடைக்கோடியில் உள்ள ஃபைப்ரினோஜன் மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஹீமோபிலியாவில் இது இயல்பாக இருக்கும். ஹெப்பாரின் சிறிதளவு கலந்திருப்பினும் ஊற்றிய த்ராம்பின் உடனே முடக்கப்படுமாதலால் நேரம் மிக நீண்டுவிடும். இன்னும் ஐயமிருப்பின், த்ராம்பினுக்குப் பதில் தென்னமெரிக்கப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து எடுக்கப்படும் ரெப்டிலேஸ் என்னும் நொதியை ஊற்றுவர். ஆன்டித்ராம்பின் அதனைப் பிடிக்கவல்லதன்று. ஆகவே த்ராம்பின் நேரம் மிக நீண்டும், ரெப்டிலேஸ் நேரம் இயல்பாகவும் இருந்தால் அது ஹெப்பாரினே என உறுதி கொள்ளலாம்.

ஹெப்பாரினோடு ஒருங்கே வார்ஃபரின் மாத்திரையும் தொடங்கப்படுகிறது. இதன் செயல் முற்றிலும் வேறுவிதம். இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்னும் நான்கு காரணிகளையும் கல்லீரல் ஆக்கும்போது, அவை கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் பெற வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைக் கல்லீரல் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தும். வார்ஃபரின் அப்புதுப்பித்தலைத் தடுக்கிறது. அதன்பின் ஆக்கப்படும் காரணிகள் பெயரளவில் இருப்பினும் பயனற்றவை. ஏற்கெனவே இரத்தத்தில் உலவும் நல்ல காரணிகளை வார்ஃபரின் தொடுவதில்லை. அவை தாமே தேய்ந்து மறைய வேண்டும்.

எல்லாம் ஒரே வேகத்தில் மறைவதில்லை என்பதுதான் இங்கு நுட்பமான செய்தி. ஏழாம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒன்பதாம் காரணிக்கு ஏறத்தாழ ஒரு நாளும், பத்தாம் காரணிக்கு ஒன்றரை முதல் இரண்டு நாளும், புரோத்ராம்பினுக்கு இரண்டரை முதல் மூன்று நாளும் வேண்டும். ஆகையால் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ பி.டி. நீளத் தொடங்கும், ஹெப்பாரின் இல்லாதிருப்பின் ஏ.பி.டி.டி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்நாளைய சீட்டு, பிறவியில் ஏழாம் காரணி குறைந்தவரின் சீட்டைப் போலவே தோன்றும்.

அந்த எண்ணைக் கண்டு மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மகிழ்வது பிழை. கட்டி உண்டாவதற்குத் தேவையான புரோத்ராம்பின் இன்னும் பெருமளவில் இரத்தத்தில் உள்ளது. அன்றியும், உறைதலை அடக்கி வைக்கும் சி புரதமும் வைட்டமின் கே-யைச் சார்ந்ததேயாதலாலும், அதுவும் விரைவில் தேய்வதாலும், இந்நாட்களில் இரத்தம் உறையும் போக்கு சிறிது மிகுதிப்படவும் கூடும். எனவேதான் எண் உயர்ந்தும் ஹெப்பாரினை நிறுத்தாமல், குறைந்தது ஐந்து நாளேனும் இரண்டையும் சேர்த்துத் தருகின்றனர்.

30 விநாடியும் 23 விநாடியும் ஒன்றாகுமா?

வீடு திரும்பிய நோயாளி ஒரு மாதம் நகரிலும், மறு மாதம் தம் ஊர்ச் சோதனைச் சாலையிலும் இரத்தம் கொடுப்பார். நகரில் பி.டி. 30 விநாடி, ஊரில் 23 விநாடி. மருந்தின் வலிமை குறைந்துவிட்டதென அவர் அஞ்சுவார். உண்மையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். த்ராம்போபிளாஸ்டின் எங்கிருந்து எடுக்கப்படுகிறதோ அதற்கேற்ப அதன் கூர்மை மாறும். கூர்மை மிக்க பொருளில் சிறு குறையும் பெரிதாகத் தெரியும். மழுங்கிய பொருளில் பெரிய குறையும் சிறிதாகவே தெரியும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 1983-இல் ஒரு பொது அளவையை ஏற்றது. அதுவே ஐ.என்.ஆர். நோயாளியின் பி.டி.யை இயல்பானவர்களின் சராசரிப் பி.டி.யால் வகுத்து, வரும் விகிதத்தைச் சோதனைப் பொருளின் கூர்மைக் குறியெண்ணின் அடுக்குக்கு உயர்த்துவது முறை. இக்குறியெண்ணை ஐ.எஸ்.ஐ. என்பர். நகரில் சராசரி 12 விநாடி, குறியெண் 1.0 என்று கொள்வோம்: 30-ஐ 12-ஆல் வகுக்க 2.5, ஐ.என்.ஆர். 2.5. ஊரில் சராசரி 12, குறியெண் 1.4: 23-ஐ 12-ஆல் வகுக்க ஏறத்தாழ 1.92, அதன் 1.4-ஆம் அடுக்கு மறுபடியும் 2.5. கணித ஆசிரியர்கள் அடுக்குவிதியை உயர்வகுப்பில் கற்பிக்கும்போது இவ்வெடுத்துக்காட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இயந்திர வால்வு பெருந்தமனி வாயிலில் இருப்பின் பொதுவாக 2.5-ஐயும், இடப்புறத்து ஈரிதழ் வாயிலில் இருப்பின் 3.0-ஐயும் நடுவாக வைத்து, இரு பக்கமும் அரை எண் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிப்பர். துல்லியமான இலக்கை நோயாளியின் மருத்துவரே வகுப்பார். ஐ.என்.ஆர். என்பது வார்ஃபரின் வகை மருந்துக்காகவே ஏற்பட்ட அளவை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கல்லீரல் நோயாளியிடமோ வேறு மருந்து உட்கொள்பவரிடமோ அதே எண் அதே பொருளைத் தராது.

ஒரு சீட்டை ஆராய்தல்

நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த 42 வயதுள்ள அம்மையார் ஒருவரை எண்ணிக் கொள்வோம். இவர் கற்பனை மாந்தரே. எண்கள் மட்டும் நடைமுறையில் காணப்படுவன போன்றவை. வாதக் காய்ச்சலால் கெட்ட ஈரிதழ் வால்வுக்கு மாற்றாகச் செயற்கை வால்வு பெற்றவர். நாள்தோறும் 5 மில்லிகிராம் வார்ஃபரின் உட்கொண்டு, ஐ.என்.ஆர். ஓராண்டாக 2.8-ஐ ஒட்டியே நின்றது. ஒரு வாரமாகப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம். முன்கையில் காரணமின்றி நீலத் தழும்புகள். சோதனைச் சாலையில் பி.டி. 72 விநாடி, இயல்பின் சராசரி 12, குறியெண் 1.1. விகிதம் 6, ஐ.என்.ஆர். 7.2. ஏ.பி.டி.டி. 58 விநாடி, த்ராம்பின் நேரம் 16 விநாடி, இயல்பானவர்க்கு 15.

இரு நேரங்களும் நீண்டுள்ளன. ஆகவே கூடத்தில் குறை, அல்லது இருவாயில்களிலும் குறை. த்ராம்பின் நேரம் இயல்பாயிருப்பதால் ஹெப்பாரின் விலக்கப்பட்டது, ஃபைப்ரினோஜனும் பெருங்குறையுற்றிருக்கவில்லை. மீதமுள்ள கேள்வி ஒன்று: காரணிகள் குறைந்துள்ளனவா, அல்லது காரணிகள் போதிய அளவு இருந்தும் அவற்றைத் தடுக்கும் பொருள் ஏதேனும் இரத்தத்தில் உலவுகிறதா?

இதற்கு விடை தருவது கலவைச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும் இயல்பானவர்களின் பிளாஸ்மாவையும் சமபங்காகக் கலந்து மீண்டும் நேரம் பார்ப்பர். நோயாளியிடம் ஒரு காரணி அறவே இல்லாவிடினும், கலவையில் அது நூற்றுக்கு 50 பங்கு இருக்கும். இச்சோதனைகள் பொதுவாக ஒரு காரணி நூற்றுக்கு 30, 40 பங்குக்குக் கீழ் இறங்கினால்தான் நீளுமாதலால், கலவையின் நேரம் இயல்புக்கு மீளும். மாறாக, தடுக்கும் பொருள் இருந்தால் அது புதிதாக வந்த நல்ல காரணியையும் தடுத்துவிடும், நேரம் மீளாது. நம் அம்மையாரின் கலவையில் பி.டி. 13.5 விநாடி, ஏ.பி.டி.டி. 33 விநாடி. இரண்டும் மீண்டன. எனவே குறை காரணிகளின் பற்றாக்குறையே.

எந்தக் காரணிகள்? தனித்தனியே அளந்தபோது ஏழாம் காரணி நூற்றுக்கு 4, பத்தாம் காரணி 7, இரண்டாம் காரணி 12. ஐந்தாம் காரணி மட்டும் 90. இந்த ஐந்தாம் காரணியே திறவுகோல். அதுவும் கல்லீரலில் ஆக்கப்படுவதே. ஆனால் அதற்கு வைட்டமின் கே தேவையில்லை. கல்லீரலே கெட்டிருந்தால் அதுவும் மற்றவற்றோடு தாழ்ந்திருக்கும். அது மட்டும் தப்பி மற்றவை தாழ்ந்திருப்பதால், தடைப்பட்டது வைட்டமின் கே-யின் வேலை. பிறவிக் குறைவாக இருப்பின் ஒரே காரணிதான் தாழ்ந்திருக்கும்; இங்கு மூன்று. நடைமுறையில் வார்ஃபரின் உண்பவர்க்கு இத்தனை காரணிகளையும் அளக்கவேண்டிய தேவை அரிது, வரலாறே போதும். ஆனால் வார்ஃபரின் உட்கொள்ளாத ஒருவரின் சீட்டில் இதே வடிவம் தோன்றினால், வீட்டிலுள்ள எலிமருந்தை எவரேனும் உண்டனரா என்று விசாரிக்கவேண்டும். எலிகளைக் கொல்லப் பயன்படும் நீடித்த வகைகள் வார்ஃபரினின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் விளைவு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலும் நீடிக்கும்.

அம்மையாரை விசாரித்ததில் காரணம் வெளிப்பட்டது. பத்து நாட்களுக்கு முன் சிறுநீர் எரிச்சலுக்கென மருந்துக்கடையில் கேட்டு, கோட்ரைமாக்சசோல் மாத்திரைகளை உட்கொண்டிருக்கிறார். வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது. நாளும் அதே 5 மில்லிகிராமே உண்டாலும், வெளியேறும் அளவு குறைவதால் இரத்தத்தில் மருந்து சேர்ந்துகொண்டே போயிற்று. மெட்ரோனிடசோல், ஃப்ளுகோனசோல் ஆகியவையும் இவ்வாறே செய்வன.

இவரை மருத்துவமனைக்கு உடனே அனுப்புவதே ஊழியரின் கடமை. வைட்டமின் கே ஊசியைத் தாமே போடுதல் கூடாது. இது ஏன் என்பது விளங்கவேண்டும். மிகுந்த அளவில் அவ்வைட்டமினைச் செலுத்தினால் பி.டி. இயல்புக்கு வந்துவிடும், ஆனால் அதன்பின் பல நாட்கள் வார்ஃபரின் பயனற்றுப் போகும். வால்வில் கட்டி உண்டாக அந்நாட்கள் போதும். ஆதலால் பெருங்கசிவு இல்லாத இடத்து மருத்துவர் மாத்திரையைச் சில வேளை நிறுத்தி, தேவையானால் வாய்வழியே மிகச் சிறிய அளவு வைட்டமின் கே கொடுத்து, நாள்தோறும் எண்ணைப் பார்த்து இறக்குவார். உயிருக்கு ஆபத்தான கசிவாயின், காரணிகளையே நேராக ஈடுசெய்யும் முறைகள் உண்டு, அவை மருத்துவமனைக்குரியன.

கலவையிலும் மீளாத நேரம்

இனி மேற்கண்ட அம்மையாரின் ஏ.பி.டி.டி. கலவையிலும் மீளாமல் 55 விநாடியிலேயே நின்றிருந்தால் என்ன நினைப்பது? ஹெப்பாரின் முதற் சந்தேகம். ஊசிக்குழாய் அடைபடாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்பெற்ற குழாயிலிருந்தே இரத்தம் எடுப்பது மருத்துவமனைகளில் அடிக்கடி நேரும் தவறு. வேறு கையின் நரம்பிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தால் ஐயம் தீரும்.

ஹெப்பாரின் இல்லையெனில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, லூபஸ் உறைவெதிரி என்னும் எதிர்ப்பொருள். சோதனைக் குழாயிலுள்ள கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு நேரத்தை நீட்டும் இது, உடலில் கட்டிகளையே மிகுவிக்கும். பெயருக்கும் செயலுக்கும் இத்தனை முரண் உள்ள பொருள் மருத்துவத்தில் அரிது. மற்றொன்று, எட்டாம் காரணியை எதிர்க்கும் பொருள். இது கடும் கசிவை உண்டாக்கும். இரண்டாவது மெதுவாகச் செயற்படுவதால், கலந்த உடனே பார்த்தால் நேரம் மீண்டதுபோலத் தோன்றி ஏமாற்றும். 37 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தால் மறுபடி நீளும். லூபஸ் எதிரியைக் கண்டறிய உதவும் சோதனைப் பொருள்களுள் ஒன்று நம் வயல்களில் திரியும் கண்ணாடி விரியனின் நஞ்சு. பத்தாம் காரணியை நேராகத் தூண்டும் அந்நஞ்சு, கடிபட்டவர் உடலில் ஃபைப்ரினோஜனை எல்லாம் செலவழித்துவிடுகிறது. அதனால்தான் அவரது இரத்தம் சுத்தமான கண்ணாடிக் குழாயில் அசையாமல் 20 நிமிடம் வைத்திருந்தாலும் உறைவதில்லை.

டபிகட்ரான், ரிவரோக்சபான் முதலிய புதிய மாத்திரைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். டபிகட்ரான் த்ராம்பினை நேராகத் தடுப்பதால் த்ராம்பின் நேரத்தை மிகவும் நீட்டும். ரிவரோக்சபான் பத்தாம் காரணியைத் தடுக்கும், பி.டி. சிறிது நீளலாம், நீளாமலும் இருக்கலாம். ஆகவே பி.டி. இயல்பாயிருப்பதைக் கொண்டு இம்மருந்து இரத்தத்தில் இல்லை என்று கூறுதல் தவறு. இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு டபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டிகளும் கசிவும் வார்ஃபரினைவிட மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013-இல் அதன் முடிவு வெளியாயிற்று. சோதனையே வேண்டாத புதிய மாத்திரைக்கு மாறிக்கொள்ளும்படி வால்வு நோயாளிக்கு அண்டை வீட்டார் யோசனை கூறினால், ஊழியர் அதனைத் தடுக்கவேண்டும்.

குழாயிலேயே உண்டாகும் பிழை

மருந்தும் இல்லை, குறையும் இல்லை. ஆயினும் நேரம் நீண்டிருக்கிறது என்னும் நிலையும் உண்டு. இச்சோதனைக்குரிய நீலமூடிக் குழாயில் நூற்றுக்கு 3.2 வீதச் சிட்ரேட் கரைசல் இருக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல் என்பது விதி. 0.3 மில்லிலிட்டர் கரைசலுக்கு 2.7 மில்லிலிட்டர் இரத்தம் வேண்டும். கோடு வரை நிரப்பாமல் ஒன்றரை மில்லிலிட்டரோடு நிறுத்திவிட்டால், மிகுந்த சிட்ரேட் சோதனையில் ஊற்றும் கால்சியத்தையும் விழுங்கி நேரத்தை நீட்டும். இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கு நூற்றுக்கு 55-க்கு மேற்பட்டவரிடமும் பிளாஸ்மா குறைவதால் இதே பிழை நேரும். அவர்க்குச் சிட்ரேட்டின் அளவைக் குறைத்துக்கொள்ளவேண்டும். கிராமத்திலிருந்து குழாயைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவதும் நன்றன்று. குளிரில் ஏழாம் காரணி தானே தூண்டப்பெற்றுப் பி.டி. குறைந்து தோன்றக்கூடும். சாதாரண வெப்பநிலையில், ஏ.பி.டி.டி.க்கு நான்கு மணி நேரத்துக்குள் சேரும்படி அனுப்புவதே முறை.

நீண்ட நேரத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். வால்வு நோயாளியிடம் குறைந்த நேரமும் அதே அளவு அச்சத்துக்குரியது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைப் பெருக்கி வார்ஃபரினை விரைவில் சிதைக்கச் செய்கிறது. சில வாரங்களில் ஐ.என்.ஆர். 2.8-இலிருந்து 1.3-க்கு இறங்கிவிடக்கூடும், மருந்தின் அளவைப் பலமடங்கு உயர்த்த நேரிடும். காசநோய்ச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நிறுத்தப்பட்டதும் எண் மறுபடி ஏறுமாதலால், அப்போதும் அடிக்கடி சோதிக்கவேண்டும். முருங்கைக்கீரை போன்ற பச்சைக்கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. அவற்றை விலக்கவேண்டியதில்லை, ஒருவாரம் தினமும் உண்டு மறுவாரம் அறவே விடுவதே எண்ணை ஆட்டுவிக்கும்.

எண் தாழ்ந்த நாட்களில் வீட்டார் காதால் கேட்டறியக்கூடிய அறிகுறி ஒன்றுண்டு. செயற்கை வால்வின் தட்டு மூடும்போது மெல்லிய ‘டிக்’ ஒலி எழும். அமைதியான இரவில் அருகிற் படுத்திருப்பவர்க்கும் அது கேட்பதுண்டு. அவ்வொலி மங்கினாலோ மறைந்தாலோ, அத்துடன் மூச்சுத்திணறல் புதிதாகத் தோன்றினாலோ, தட்டின் மீது கட்டி படிந்திருக்கலாம். அத்தகைய நோயாளியை ஐ.என்.ஆர். சீட்டுக்காகக் காத்திராமல் அன்றே இதய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.